நுனி கிள்ளியவள்

என் வாய்க்குப் பூட்டு கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லாருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசுக்காரரிடம் வாயாடி என் நிறையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன் என்று பெருமையாக இருந்தேன். அந்த வாயாலேயே ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தேன் என்பதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் எனக்குப் பக்கத்துக் காம்பராவில், சுவரொட்டின அடுத்த அறையில், இருந்தாள். அரநாயக்கப் பக்கத்திலிருந்து கல்யாணம் பண்ணி வந்தவள், என்னைவிட இரண்டு வயது இளையவள். என்னை அக்கா என்பாள், நான் தங்கச்சி என்பேன். புருஷன் இறந்து போனான். மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு ஒரு கால் சரியில்லை, கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏற முடியாது. பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. கொழும்பில் ஒரு வீட்டில் தங்கிச் சமைக்க ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். மகளை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் கத்தரி போட்டிருந்தாள். "கத்தரிக்கா கைகொடுத்தா நான் ஏங்க்கா கொழும்புக்குப் போறேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

அவள் பாத்திக்கும் என் பாத்திக்கும் நடுவில் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கான்தான். அவளைப் பார்த்து நானும் கத்தரி நட்டேன். அதுவும் சரியாகத்தான் வந்தது. பூ எடுக்கிற நேரத்தில் ஒரு நாள் காலையில் அவள் கானுக்கு அந்தப் பக்கம் நின்று, "நுனி வாடுது பாத்தீங்களாக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் செடியில் குறை கண்டுபிடிக்கிறாள் என்று தோன்றியது. தண்ணீர் போதவில்லை போல என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட இரண்டு வாளி அதிகமாக ஊற்றினேன். மழை பெய்து ஈரம் காயாத மண்ணுக்கு இரண்டு வாளி! கீழ் இலையெல்லாம் விறைப்பாக நிற்க, ஒரு கிளையின் நுனி மட்டும் தலை தொங்கினால் அது தாகம் இல்லை என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு எனக்கு இல்லை.

பிறகு ஒரு நாள் பெருமழை, அரைநாளோடு வேலையை விட்டார்கள். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். என் பாத்திக்குள் அவள் குனிந்து நிற்கிறாள். மடி நிறைய என் கத்தரிச் செடியின் நுனிகள். சிலவற்றில் மொட்டு இருந்தது. நாலைந்து நாளாகவே செடிகள் மொட்டையாகத் தெரிகின்றனவே என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மர்மம் அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

பாத்தியில் வைத்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் அதோடு போயிருக்கும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லையே. அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில், குடத்தோடு லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் நிற்கும்போது ஆரம்பித்தேன். பொறாமையில் என் செடியை மொட்டையடிக்கிறாள் என்றேன். தன் காய் மட்டும் சந்தைக்குப் போக வேண்டுமாம் என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

"உள்ள புழு இருக்குக்கா. என் பாத்திக்கும் வந்துரும்னுதான் கிள்ளுனேன். ஒண்ணப் பொளந்து காட்டவா?"

"எனக்கு ஒண்ணும் காட்ட வேணாம். இனிமே என் கானைத் தாண்டிக் கால் வைக்காத."

அந்த ஒரு வாய்ப்பைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காட்டுகிறேன் என்றாள். பார்க்க எத்தனை நேரம் ஆகும்? ஒரு குடம் நிரம்புகிற நேரம்கூட ஆகாது.

அவள் அதற்குப் பிறகு வரவில்லை. தன் பாத்தியில் மட்டும் காலையிலும் சாயங்காலமும் நடந்து, வாடின நுனியைக் கிள்ளி, அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். என் செடிகள் மறுபடி நுனி விட்டன, மறுபடி வாடின. காய் பிடித்தது. சில காய்களில் ஓட்டை விழுந்து, ஓட்டையின் வாயில் ஈரமான பொடி ஒட்டியிருந்தது. அவற்றைப் பறித்துக் கான் ஓரத்துக் குப்பைமேட்டில் வீசினேன். செடியில் இல்லாவிட்டால் சரி என்று நினைப்பு. அந்தக் குப்பைமேட்டிலிருந்து அவள் பாத்திக்கு நாலு எட்டு.

பார்க்க நன்றாக இருந்த காய்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பையில் கட்டி கஹவத்தைக்கு பஸ் ஏறினேன். மரக்கறிக் கடை முதலாளி இரண்டு காயை உருட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டினார். வெளியே பளபளப்பு, உள்ளே கறுத்த பாதை, அதற்குள் ரோஸ் நிறத்தில் ஒரு புழு நெளிந்தது. "பணுவோ" என்றார் சிங்களத்தில், புழு என்று. புழு பொடியாக இருக்கும்போதே உள்ளே போய்விடும், போன தடம் மூடிக்கொள்ளும், நாம் பார்க்கிற பெரிய ஓட்டை அது வளர்ந்து வெளியே போன வாசல் என்று சொல்லித்தந்தார். அந்தக் கிழமை என் லயத்திலிருந்து வந்த இன்னொரு பையிலும் இதே கதைதான் என்றும் சொன்னார். யாருடைய பை என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பாத்திக்குப் போய், வாடின நுனி ஒன்றை வெட்டி நகத்தால் நீளமாகப் பிளந்தேன். தண்டு குழாய் மாதிரி கிடந்தது. உள்ளே அதே புழு. பத்து நுனி பிளந்தேன். எட்டில் இருந்தது. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவமானம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது அவள் பாத்தி என்ன ஆகியிருக்கும் என்கிற பயம்.

பிளந்த நுனிகளை முந்தானையில் போட்டுக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். நான் சொன்னது தப்பு, எல்லார் முன்னாலும் சொன்னேன், எல்லார் முன்னாலும் தப்பென்று சொல்லிவிடுகிறேன் என்றேன். மறுநாள் பீலிக்கரையில் சொல்லவும் செய்தேன். அவள் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கிள்ளினதையும் ஓட்டைக் காயையும் குப்பையில் போடக் கூடாது, புழு இறங்கிச் சருகுக்குள் கூடு கட்டும், அந்துப்பூச்சியாகிப் பறந்து மறுபடி இலையில் முட்டை வைக்கும் என்றாள். எரிக்கணும், இல்லாவிட்டால் ஆழமாகப் புதைக்கணும். தண்டுக்குள் இருப்பதை மருந்து தொடாது, கைதான் தொடும் என்றாள். ஒரு பாத்திக்காரி மட்டும் கிள்ளிப் பிரயோசனம் இல்லை என்று அவள் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது. அவள் வேரோடு பிடுங்கிப் போட்ட கத்தரிச் செடிகள் பின்பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தன.

நான் அன்றிலிருந்து குப்பைமேட்டைக் கிளறி எரித்தேன், உதிர்ந்த சருகைக் கூட்டினேன், தினமும் இரண்டு வேளை ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். வாடின இடத்துக்கு ஒரு விரல் கீழே, நல்ல தண்டு வரைக்கும் வெட்டினேன். மெல்ல மெல்ல வாட்டம் குறைந்தது. நல்ல காய் வந்தது. முதல் பறிப்பை அவளுக்குத்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் அதற்குள் கொழும்புக்குச் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவள் புறப்பட்ட காலையில் பையை நான்தான் தூக்கிக்கொண்டேன். மகளைத் தன் மாமியார் வீட்டில் விட்டிருந்தாள். பஸ் பாதைக்கு என் பாத்தி ஓரமாகத்தான் போக வேண்டும். காலை இழுத்து நடந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ஒரு நுனி தலை தொங்கியிருந்தது, என் கண்ணில் படவில்லை. அவள் கை தன்னால் நீண்டது. பிறகு என்னைப் பார்த்தாள், கையை இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அதுல ஒண்ணு இருக்குக்கா. நீங்களே கிள்ளிருங்க."