சிவப்பு மையில் அடிபட்ட கேள்வி

1993-இல் பூந்தமல்லி பக்கத்துப் பொறியியல் கல்லூரியொன்றில், மின்துறை விரிவுரையாளர் வனஜா செமினாருக்காக ஒரு கேள்வியை ஆசையாக எழுதினார்: "டிரான்ஸ்பார்மரால் வோல்டேஜை இரட்டிப்பாக்கி அதே மின்சக்தியை அனுப்பினால், கம்பியில் இழப்பு கால்வாசியாகிறது. V²/R பார்முலாப்படி நான்கு மடங்காக வேண்டாமா? எங்கே பிழை?"

துறைத்தலைவர் எத்திராஜ் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"இன்னா மேடம் இது? பார்முலா கேளுங்க, பசங்க எழுதிட்டுப் போவட்டும்."

"பதில் என்ன சார்?"

"நாலு மடங்குதான். நீங்கதான் தப்பா எழுதிக்கீறீங்க."

வனஜா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த V அனுப்பும் வோல்டேஜ் அல்ல, கம்பியின் நீளத்தில் இறங்கிப்போகும் வோல்டேஜ் மட்டுமே; மின்னோட்டம் பாதியாவதால் அதுவும் பாதியாகி, இழப்பு கால்வாசியாகிறது. பதினெட்டு வருடம் பாடம் நடத்திய துறைத்தலைவருக்கு அதுகூடத் தெரியவில்லை.

நேராக வகுப்புக்குப் போய், அடிபட்ட கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார். ஒரு கை உயர்ந்தது.

"மேடம், இது பரீட்சைக்கு வருமா?"

வனஜா சாக்பீஸை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.