நாலு எட்டு, ஒண்ணு ஒம்பது

எங்க பட்டறையில நான் மோட்டாருக்குக் கம்பி சுத்துறவன். எதிர் மேஜையில போர்டு அக்கா. துணி துவைக்கிற பெரிய மெஷின், லிஃப்ட், எதோட எலக்ட்ரானிக் போர்டு வந்தாலும் அவங்க கைக்குத்தான் போகும். முப்பது வருஷமா எதிரும் புதிருமா உக்காந்திருக்கோம். அந்த அம்மா என்கிட்ட பேசினதை மொத்தமா சேர்த்தா ஒரு மத்தியானம் தேறுமான்னு சந்தேகம்தான்.

முன்னெல்லாம் அந்த மேஜை இப்படி அமைதியா இருந்ததில்ல. அவங்க பக்கத்துல தங்கச்சி இருந்தா. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே மேஜை, ஒரே டிபன் கேரியர். தங்கச்சி வாயாடி. காலையில வந்தா, "என்ன அண்ணே, நேத்து சுத்தின மோட்டார் இன்னிக்காவது சுத்துதா?"ன்னு என் மானத்தை வாங்கிட்டுத்தான் உக்காருவா. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தாள்னால அவ போயிட்டா. அன்னிலேர்ந்து அக்கா ஒண்டிக்கட்டை. அதே வீடுதான், ஆனா கேரியர்ல ஒரு தட்டுதான் வரும். அதையும் சுவரைப் பார்த்து உக்காந்து சாப்பிடுவாங்க.

அந்தத் தாள் கதை இதுதான். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற மெஷின் போர்டு ஒண்ணு வந்துச்சு. மெஷினை ஓட்டுற கட்டளையெல்லாம் அதோட சிப்புல எண்ணா இருக்கும். அதைப் படிச்சு எழுதிக்கிட்டு, சிப்பை அழிச்சு, மறுபடி புதுசா எழுதணும். அப்ப எங்ககிட்ட கம்ப்யூட்டர் ஏது? சின்னப் பெட்டி ஒண்ணு, எண்ணை ஒவ்வொண்ணாக் காட்டும். தங்கச்சி பார்த்துத் தாள்ல எழுதுவா, அக்கா கூட்டிச் சரிபார்ப்பாங்க. ஒவ்வொரு வரி முடிவுலயும் அந்த வரிக் கூட்டலோட கடைசி ரெண்டு இலக்கம் இருக்கும். கூட்டினது அதோட ஒத்துப்போனா எழுதினது சரி.

ஆனா அது நம்ம பத்துக் கணக்கு இல்ல, பதினாறு கணக்கு. ஒம்பதுக்கு மேல பத்துக்கு A, பதினொண்ணுக்கு B, இப்படியே பதினஞ்சுக்கு F. பதினாறு ஆனாத்தான் கையில ஒண்ணு. எனக்கு இதைக் கேட்டாலே தலை சுத்தும். அக்காவுக்குத் தண்ணிபட்ட பாடு. கால்குலேட்டரைத் தொடவே மாட்டாங்க. "என் கணக்கு தப்பாது"ன்னு ஒரு திமிர், சொல்லித்தான் ஆகணும்.

அன்னிக்கு முதலாளி அவசரப்படுத்த, கூட்டிப் பார்க்கிறதுக்கு முன்னாடியே சிப்பை அழிச்சுட்டாங்க. அப்புறம் கூட்டினா, ஒரு வரி உதைக்குது. வரி முடிவுல E7னு இருக்கு, அக்காவுக்கு ED வருது. ஆறு அதிகம். அந்த வரியில தங்கச்சி 06னு ஒண்ணு எழுதியிருந்தா. அவ போடுற சைபரும் ஆறும் அண்ணன் தம்பி மாதிரி, ரெண்டுக்கும் வால் இருக்கும். "இது 00. அதை ஆறுன்னு கிறுக்கி வெச்சிருக்கே"ன்னு அக்கா அடிச்சுத் திருத்தினாங்க. தங்கச்சி, "நான் ரெண்டு தடவை பார்த்துத்தான் எழுதினேன், உன் கூட்டலைப் பாருக்கா"ன்னா. அக்கா பென்சிலைத் தூக்கி எறிஞ்சாங்க.

திருத்தினபடி எழுதின சிப்பை மெஷின்ல போட்டா, சிவப்பு விளக்கு. மெஷினும் தானா அந்த வரியைக் கூட்டிப் பார்க்கும், ஒத்து வரலேன்னா ஓடாது. முதலாளி கத்தினார். அப்ப எல்லார் முன்னாடியும் அக்கா சொன்னாங்க: "இந்தத் தாள்ல இன்னும் எத்தனை தப்போ. இவளை நம்பி வேலை செய்ய முடியாது." சாயங்காலமே தங்கச்சி பட்டறையை விட்டா, அந்த வாரமே வீட்டையும் விட்டா. நான் என்ன கிழிச்சேன்? தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கம்பி சுத்தினேன்.

போன செவ்வாக்கிழமை அதே மாடல் போர்டு இன்னொரு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துச்சு. சிப்பு செத்துப்போச்சு, கம்பெனியும் மூடியாச்சு. இருக்கிறது எங்க பீரோவுல கிடந்த அந்தப் பழைய தாள் மட்டும்தான். அக்கா அதைப் பிரிச்சு மேஜையில வெச்சாங்க.

வரி வரியாக் கூட்டினாங்க. மத்த எல்லா வரியும் ஒத்து வந்துச்சு. அதுல எதுலயும் தங்கச்சி எழுதினது தப்பில்ல. கடைசியா அந்த வரிக்கு வந்தாங்க. 48, 19, D3, 3E, அப்புறம் அடிச்சுத் திருத்தின 00, 2F, 77, C9. கூட்டினா E1 வருது. E7க்கு ஆறு குறைவு. மறுபடி கூட்டினாங்க, E1தான். சைபரை மறந்துட்டு 06னே வெச்சுக் கூட்டினாங்க. E7. கச்சிதமா.

அக்கா தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போனாங்க. "என்னக்கா?"ன்னு எழுந்து போனேன். தாளோட ஓரத்துல, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அவங்களே பென்சில்ல போட்ட கூட்டல் மங்கலா இருந்துச்சு. முதல் ரெண்டு எண்ணைக் கூட்டினதே 67னு இருந்துச்சு. அதுமேல விரலை வெச்சிருந்தாங்க.

"தம்பி, எட்டும் ஒம்பதும் எவ்வளவு?"

"பதினேழு."

"பதினாறு போனா மிச்சம் ஒண்ணு. ஒண்ணு போட்டு, கையில ஒண்ணு. நாலும் ஒண்ணும் அஞ்சு, கையில இருந்ததையும் சேர்த்தா ஆறு. 61 வரணும். நான் ஏழு போட்டு கையில ஒண்ணுன்னு வெச்சிருக்கேன். சின்னப்புள்ளக் கணக்கு. பத்துலயே தாண்டிட்டேன்." குரல் உடைஞ்சுது. "எழுத்து வந்தா உஷாரா இருப்பேன் தம்பி. வெறும் எண்ணா வந்துச்சு, கை பழைய வழியில போயிடுச்சு. ஆறு அதிகம்னு தெரிஞ்சப்பவே புத்தியில உறைச்சிருக்கணும். பத்துக்கும் பதினாறுக்கும் நடுவுல ஆறுதானே."

"யாருக்கும் வரும்க்கா"ன்னு உளறினேன். "யாருக்கும் வரும். அவளுக்கு வந்திருந்தா மன்னிச்சிருப்பேனா?"ன்னு கேட்டாங்க.

06ஐ வெச்சு சிப்பை எழுதினாங்க. பச்சை விளக்கு எரிஞ்சுது. முதலாளி தட்டிக் கொடுத்துட்டுப் போனார். அக்கா போனை எடுத்து, எழுதி வெச்சிருந்த நம்பர் எதையும் பார்க்காம, மனப்பாடமா ஒரு நம்பரைத் தட்டினாங்க. பட்டறைச் சத்தத்துல காது கேக்காதுன்னு ஸ்பீக்கர்ல போட்டாங்க. அதனால நானும் கேட்டேன்.

"யாரு?"

அக்கா தாளைப் பார்த்துக்கிட்டே, "நாலு எட்டு, ஒண்ணு ஒம்பது. கூட்டினா எவ்வளவுடி?"ன்னாங்க.

பின்னாடி யாரோ குழந்தையைக் குளிக்கக் கூப்பிடுற சத்தம் கேட்டுச்சு.

"ஆறு ஒண்ணு" தங்கச்சி சொன்னா. "நீ ஆறு ஏழுன்னு போட்டிருந்தே. நீ பென்சிலை எறியறதுக்கு முன்னாடியே பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னேனேக்கா. கூட்டலைப் பாருன்னேன்."

அக்கா வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. முப்பது வருஷத்துல நான் அதைப் பார்த்ததில்ல. "நான்தான்டி தப்பு. வீட்டுக்கு வாயேன்"ன்னாங்க.

"எனக்குன்னு ஒரு வீடு இருக்குக்கா இப்ப. புள்ளைங்க இருக்கு. உனக்குத் தெரியாது." கோபமே இல்லாத குரல். அதுதான் என்னால தாங்க முடியல. "நீ சாப்பிட்டியா?"ன்னு கேட்டா. "ம்"னாங்க அக்கா. "சரி, வைக்கிறேன்."

மணி ஒண்ணரை. அக்கா இன்னும் சாப்பிட்டிருக்கல. கேரியரைத் திறந்து, வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உக்காந்தாங்க. நான் என் ஸ்டூலை இழுத்துக்கிட்டுப் போய்ப் பக்கத்துல போட்டேன். ஒரு வாய் வெச்சுட்டு, "எத்தனை புள்ளைங்கன்னு கேக்க மறந்துட்டேன் தம்பி"ன்னாங்க.