நாக்கால் கூப்பிட்டவர்

பொத்தேரி விடுதியில் என் அறைத்தோழி எத்தியோப்பியாவிலிருந்து வந்தவள். அவள் மருந்தியல் படித்தாள், நான் பேச்சுச் சிகிச்சை. அவளுடைய ஒரோமோ மொழியில் ஒரு ‘க்’ உண்டு. சோடா மூடி தெறிப்பது போல விழும். எவ்வளவு முயன்றும் எனக்கு வரவில்லை. ஒருநாள் என் விரல்களைப் பிடித்துத் தன் குரல்வளை மேல் வைத்துக்கொண்டாள். குரல்நாண்களை இறுக மூடி, பின்னாக்கால் வாயையும் அடைத்து, குரல்வளையைச் சட்டென்று மேலே தூக்கினாள். இடையில் சிக்கிய காற்று நெருக்குண்டு, நாக்கு விலகியதும் தெறித்தது.

“நெஞ்சிலிருந்து தள்ளாதே. தொண்டையைத் தூக்கு” என்றாள்.

அதே மொழியின் ஒரு ‘ட’வுக்குக் குரல் அதிரும்போதே குரல்வளை கீழே இறங்கியது. நாக்கு விலகியதும் காற்று கொஞ்சம் உள்ளே போனது. ஒன்று மேலே, ஒன்று கீழே. அந்தக் கழுத்தைத் தொட்டுத்தான் நான் பாடத்தைப் புரிந்துகொண்டேன்.

பல வருடங்கள் கழித்து, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கருங்குழியிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் மனைவியோடு வந்தார். புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்திருந்தார்கள். மூச்சு இனிக் கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான். வேறு வழியில் குரல் வரவழைக்கும் பயிற்சியைத் தொடங்குமுன் காயம் நன்றாக ஆற வேண்டும். அதுவரை சிலேட்டு.

மனைவி என்னிடம் முறையிட்டார். “எழுதிக் காட்றாரு மேடம். ஆனா நான் பின்னாடி துணி தொவச்சிகினு கீறேன். சிலேட்டு வந்து என்னக் கூப்புடுமா? நேத்து தண்ணி கேட்டு அரை மணி நேரம் சும்மாவே குந்திகினு இருந்திருக்காரு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உடனே தோழியின் ‘க்’ நினைவுக்கு வந்தது. நுரையீரல் காற்றே வேண்டாத ஒலி ஆயிற்றே! ஆர்வத்தில் செய்து காட்டி, அவரையும் செய்யச் சொன்னேன். அவர் கழுத்து நரம்பு புடைக்க முயன்றார். வாயிலிருந்து ‘ப்’பென்று ஒரு சின்னக் காற்று வந்தது, அவ்வளவுதான். கழுத்துத் துளை சீறியது. மறுபடி, மறுபடி. நெற்றியெல்லாம் வியர்வை.

அப்போதுதான் உறைத்தது. அந்த ஒலிக்குக் காற்றைத் தள்ளும் பம்புத் தண்டே குரல்வளைதான். அதைத்தான் இவருக்கு எடுத்துவிட்டார்களே. உள்ளிழுக்கும் ‘ட’வுக்கும் அதே கதிதான். இல்லாத ஒன்றைத் தூக்கச் சொல்லியிருக்கிறேன்.

“தப்பு என்மேலதான் ஐயா. இது உங்களால முடியாதது. நான் யோசிக்காம சொல்லிட்டேன்” என்றேன்.

அவர் கையை அசைத்து, பரவாயில்லை என்பது போல நாக்கை மேல்வரிசைப் பல்லருகே ஒட்டி உறிஞ்சி ‘ச்சு’ கொட்டினார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “இன்னொரு தரம் செய்யுங்க!”

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் சில மொழிகளில் இதுவே ஒரு மெய்யெழுத்தாகச் சொற்களில் வருகிறது. பின்னாக்கு அண்ணத்தை அடைக்கிறது, முன்னாக்கு முன்னே அடைக்கிறது. நடுவில் நாக்கு பள்ளமானதும் அங்கே காற்று மெலிகிறது. முன்னடைப்பு விடுபட்டதும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து ஒலிக்கிறது. நுரையீரலும் வேண்டாம், குரல்வளையும் வேண்டாம். நாக்கு போதும்.

“மாடு ஓட்டியிருக்கீங்களா?” என்று கேட்டேன். தலையாட்டினார். நாக்கின் பக்கவாட்டைச் சட்டென்று விடுவித்து, கன்னத்தோரம் ‘க்ளக்’கென்று அடித்தார். அறை முழுக்கக் கேட்டது. வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இன்னாயா, என்ன மாடுன்னு நெனச்சிகினியா?” என்றார் மனைவி. சிரித்துக்கொண்டே சொன்னார், முடிக்கும் முன்னே அழுதுவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு கணவர் எழுப்பிய முதல் பெரிய சத்தம் அது.

கன்னத்தோரம் ‘க்ளக்’கென்றால் ‘வா’, பல்லருகே ‘ச்சு’ என்றால் ‘வேண்டாம்’ என்று அங்கேயே முடிவு செய்துகொண்டார்கள். மூன்றாவதாக, நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டி ‘டொக்’கென்று பறிப்பதை நான் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு என்ன பொருள் என்று ஓட்டுநர் சிலேட்டில் எழுதி மனைவியிடம் மட்டும் காட்டினார். அவர் புடவைத் தலைப்பால் எழுத்தை அழித்துவிட்டு, “வயசுக்குத் தக்கன பேசு” என்றார். முகம் சிவந்திருந்தது.

சில மாதங்களில் கணவர் உணவுக்குழாய்க் காற்றை வைத்துக் கரகரவென்று பேசக் கற்றுக்கொண்டார். கடைசியாக வந்தபோது மகள் குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய் வந்ததை மனைவி சொன்னார். “ஒரே சனம், அலைச் சத்தம் வேற. இவரு புதுக் கொரலு காத்துல அமுங்கிப் போச்சு. நான் எங்கியோ பார்த்துகினு நிக்கிறேன். பின்னாலேர்ந்து க்ளக்குனு ஒண்ணு. மூணு பொம்பளைங்க திரும்புனாங்க மேடம். ஆனா நான்தான் போனேன்.”

கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். அடுத்த நோயாளியைக் கூப்பிட எனக்குச் சற்று நேரமாயிற்று.