ஒரு முனை கையகலம், மறுமுனை விரலகலம்

ஒரகடத்தில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றில் கணினியில் படம் போட்டுக்கொடுக்கும் வேலை எனக்கு. ஒருமுறை, நாடுவிட்டு நாடு போனவர்களின் ஐந்தாண்டுக் கணக்கை வட்டமாக வரைந்தேன். விளிம்பில் நாடுகள், உள்ளே இரண்டிரண்டு நாடுகளை இணைக்கும் பட்டைகள். பட்டையின் முனை எவ்வளவு அகலமோ, அந்த முனையிலுள்ள நாட்டிலிருந்து மற்றதற்கு அவ்வளவு பேர் போயிருக்கிறார்கள்.

சுவரில் ஒட்டியதும் முதலாளி வந்து பார்த்தார். இந்தியாவையும் ஒரு வளைகுடா நாட்டையும் சேர்த்த பட்டை எங்கள் பக்கம் கையகலம், அந்தப் பக்கம் விரலகலம்.

“இன்னாமா, பிரிண்டு தப்பா வந்துகீது? ரெண்டு பக்கமும் சமமா போடு.”

“தப்பு இல்ல சார். இது இங்கருந்து போனவங்க, அது அங்கருந்து வந்தவங்க. வூடு திரும்புனவங்களும் அதுலதான்.”

“தெரியும்மா. பார்க்க நல்லால்ல. சமமா போடு.”

தெரிந்தும் எதற்குச் சமம்? வாசல் பலகையில் உடைந்த எழுத்தை இரண்டு வருடமாக மாற்றாதவருக்குத் திடீரென்று அழகு எங்கிருந்து வந்தது? அன்று பகல், வேலை கேட்டு வந்த திருநெல்வேலிக்காரர்களிடம் அவர் பேசியது என் மேசைக்குக் கேட்டது.

“மூணே வருசம்பா. போறவன் அத்தினி பேரும் திரும்பி வந்துர்றான்.”

நான் படத்தை மாற்றவில்லை. மறுநாள் அது சுவரில் அப்படியே இருந்தது. அந்த விரலகல முனையின்மேல் மட்டும் வல்லக்கோட்டை முருகன் காலண்டர் தொங்கியது.