கரண்டிக்கு எத்தனை கிராம்

கடிதம் என் மேசைக்கு வந்தபோது மத்தியானப் பந்தி முடிந்திருந்தது. விடுதி மாணவி ஒருத்தி கோடு போட்ட தாளில், பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதுவதுபோல் அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு எழுதியிருந்தாள். பொருள் என்ற இடத்தில், 'சமையலில் சேர்க்கும் பொருட்களின் அளவு வேண்டுதல்' என்று இருந்தது.

புதுக்கோட்டைக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரியில் விடுதி கேன்டீனுக்கு நான் மேனேஜர். தினமும் இருநூற்று நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள். சாப்பாடு சரியில்லை, புழு கிடந்தது, தயிர் புளிக்கிறது என்று எத்தனையோ புகார்க் கடிதங்கள் வந்திருக்கின்றன. இப்படி ஒன்று வந்ததில்லை.

அவள் மூன்றாம் வருட மாணவி. கட்டுமாவடிக்காரி, அம்மா மீன் விற்கிறார். பளு தூக்குதலில் ஐம்பத்து மூன்று கிலோ பிரிவு. ஐந்து வாரத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி திருச்சியில். அதற்குள் ஒன்றரைக் கிலோ குறைக்க வேண்டும், ஆனால் பலம் குறையக் கூடாது. அதனால் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றையும் தினமும் கிராம் கணக்கில் எண்ணிச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாள். 'சோற்றை நானே எடை போட்டுக்கொள்வேன் ஐயா. ஆனால் சாம்பாரைப் பார்த்து அதில் பருப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எண்ணெய் கண்ணுக்கே தெரிவதில்லை. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எந்தப் பொருள் எத்தனை கிலோ, எத்தனை பேருக்கு, ஒரு கரண்டி எத்தனை கிராம் என்று தெரிந்தால் போதும்.'

அவள் கேட்டது நியாயமான கேள்வி என்று அந்தக் கல்லூரியிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒன்பது வருடம் வளைகுடாவில் ஒரு தொழிலாளர் முகாமின் சமையற்கூடத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். அங்கே உப்பைக்கூட நிறுத்துத்தான் கொடுப்போம்.

கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டுக் கேன்டீனை நடத்தும் காண்டிராக்டருக்குப் போன் செய்தேன்.

"இதுல என்ன இருக்கு? அக்ரிமென்ட்ல மெனு ஷீட் இருக்குல்ல, அதை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துருங்க" என்றார்.

"அது வேற, நம்ம போடுறது வேறங்க."

"அப்ப எதைக் குடுப்பீங்க? நம்ம போடுறதை எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுப்பீங்களோ?"

ஷீட்டில் சாம்பாருக்கு ஆளுக்கு முப்பத்தைந்து கிராம் துவரம்பருப்பு. அண்டாவில் விழுந்தது மொத்தமே ஐந்து கிலோ. ஆளுக்கு இருபது கிராம்தான் வரும். பரங்கிக்காயை மசித்து விட்டால் கெட்டியாகிவிடும், யாருக்கும் தெரியாது. எண்ணெய் நேர்மாறு. ஷீட்டில் ஒரு நாளைக்கு ஆளுக்கு இருபத்தைந்து கிராம். சமையல் மாஸ்டரோ டின்னைச் சாய்த்து ஊற்றுகிறவர். "கைக்குத் தெரியும் சார்" என்பார். நானும் நிறுக்கச் சொன்னதில்லை.

ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து, முத்திரை குத்தி, அவள் கையில் கொடுத்தேன். ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"இவ்வளவு கரெக்டா யாருமே தர மாட்டாங்கன்னு எங்க கோச் சொன்னாங்க சார். ரொம்ப தேங்க்ஸ்."

அன்றிலிருந்து தட்டோடு ஓரத்து மேசையில் உட்கார்ந்து, உள்ளங்கை அகலத் தராசில் கிண்ணம் கிண்ணமாக வைத்துப் பார்ப்பாள். போனில் குறிப்பாள். பிறகுதான் சாப்பிடுவாள். இரண்டாவது வாரம் சோற்றைப் பாதியாக்கினாள். மூன்றாவது வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தினாள். கன்னம் ஒட்டியிருந்தது.

"ஏம்மா இப்புடி வத்திப்போற?" என்று கேட்டேன்.

"கணக்குப்படி எறங்கணும் சார். எறங்க மாட்டேங்குது. என் ஒடம்புதான் மோசம்போல."

அப்போது சொல்லியிருக்கலாம். பொரியல் தட்டுகளை எடுத்து அடுக்குவதுபோல் அங்கிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரமே அவள் அம்மா வந்தார். மகளைப் பார்க்க வந்தவர், கேன்டீன் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். ஒரு பையில் நெத்திலிக் கருவாடு.

"எங்க ஊருக் கருவாடுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. பிள்ளைக்கு அளவெல்லாம் எழுதிக் குடுத்தீங்களாம்ல. கடலோரத்துப் பிள்ளை, மீனு இல்லாம எப்படிப் பலம் வரும்னு நான் பயந்துக்கிட்டே கெடந்தேன். நீங்க இருக்கீங்க, இனிமே எனக்குக் கவலையில்ல" என்றார்.

வாங்கிக்கொண்டேன். வீட்டில் அந்தக் கருவாட்டை என்னால் தொட முடியவில்லை. எனக்கு வயிறு சரியில்லை என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

போட்டி நடந்ததை அவளுடைய கோச்தான் வந்து சொன்னார். எடை பார்க்கும்போது ஐம்பத்திரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம் இருந்தாள். முந்தின நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எடையில் தேறிவிட்டாள், தூக்கத்தான் தெம்பில்லை. ஒரே வீச்சில் தூக்கும் ஸ்னாட்ச்சில் முதல் இரண்டு முறையும் பாரம் தலைக்கு மேலே போகவில்லை. பயிற்சியில் தினமும் தூக்கிய எடைதான் அது. கடைசி முறை தலைக்கு மேல் போனது. அங்கே நிறுத்த முடியாமல் வலது முழங்கை விலகிவிட்டது.

"சாப்பாட்டை ஒழுங்கா எண்ணித்தான் சாப்பிட்டா. எங்க தப்புன்னு எனக்கே புரியல" என்றார் அவர்.

அடுத்த நாள் காலையில் மளிகை அறையிலிருந்து தராசை எடுத்து வந்து அடுப்படியில் வைத்தேன். மாஸ்டர் முறைத்தார். காலையில் உடைத்த பதினைந்து கிலோ எண்ணெய் டின், ராத்திரிச் சாப்பாடு ஆனதும் காலி. ஆளுக்கு அறுபது கிராமுக்கு மேல். அவள் எழுதிக்கொண்டதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். பருப்போ பாதிக்குக் கொஞ்சம் மேல். குறைய வேண்டியது கூடுதலாகவும், கூட வேண்டியது குறைவாகவும் அந்தப் பிள்ளையின் உடம்பில் ஐந்து வாரம் போயிருந்தது.

பத்து நாள் கழித்து, வலது கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டுக் கட்டிக்கொண்டு அவள் சாப்பிட வந்தாள். இடது கையில் ஸ்பூன். கூட்டம் கலைந்த பிறகு எதிரில் போய் உட்கார்ந்து, உண்மையான அளவுகளை எழுதிய தாளை வைத்தேன்.

"நான் குடுத்தது அக்ரிமென்ட்ல உள்ளதும்மா. அடுப்புல போடுறது இது. பருப்புக் கம்மின்னு எனக்குத் தெரியும். எண்ணெய் இவ்வளவுன்னு தெரியாது. தெரிஞ்சுக்கவும் இல்ல."

அவள் தாளைப் பார்த்து, இடது கைக் கட்டைவிரலால் போனில் எண்களைத் தட்டினாள். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

"நான் என் ஒடம்பைத்தான் சார் திட்டிக்கிட்டே இருந்தேன்" என்றாள். "டெய்லி ராத்திரி அதைத்தான் திட்டுவேன்."

"இதைக் கோச்கிட்ட நானே வந்து சொல்றேன்."

"இப்ப எதுக்கு சார்? தேர்ட் இயர் முடியுது. கை சேர ஆறு மாசமாகும்னுட்டாங்க." தாளை என் பக்கமே நகர்த்தினாள். "இத வேற யாராவது கேட்டா குடுங்க."

கோச்சிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். தாளைக் கேன்டீன் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். காண்டிராக்டர் வந்து கிழித்தெடுத்து, என்னைத் தனியே கூப்பிட்டு, பிழைக்கிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அந்தப் பதிலைச் சொன்னபோது என் குரல் நடுங்கக்கூட இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

எண்ணெயை மட்டும் இப்போது நிறுத்துக் கொடுக்கிறேன், குறைத்தால் காண்டிராக்டருக்கும் சந்தோஷம்தான். பருப்பு இன்னும் அதே ஐந்து கிலோ. அவள் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டாள். கை நீட்டி மடக்க வருகிறதாம், பாரம் தூக்கக் கூடாதாம். அறந்தாங்கியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள் என்று விடுதிப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். என் வீடும் அறந்தாங்கியில்தான். அந்தக் கடை இருக்கும் தெரு வழியாகத்தான் நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். இப்போது சுற்றிக்கொண்டு போகிறேன்.