கடைசி பெஞ்சுக்குத் தெரியுதா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டியவர்களில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டரில் கோடு போடக் கற்றுக்கொடுத்தவர் வசந்தகுமாரி. பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருவர் எழுந்து, “உக்காருங்க மேடம்” என்று இடம் கொடுக்காத நாள் குறைவு.

இருபத்திரண்டு வருடம் ஒரே பயிற்சி மையம், ஒரே மாடி அறை. பதினாலு கம்ப்யூட்டர். கோயிலுக்குள் போவதுபோல் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களோடு கூலன்ட் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வரும். ஏசி குளிரில் நாலு பேர் தூங்கி வழிவார்கள். வசந்தகுமாரி தூங்குகிறவனை எழுப்பமாட்டார். அவன் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார். எழுந்ததும் அவனே பதறிப்போவான்.

பாடம் தொடங்குமுன் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தைத் திரையில் போட்டுவிட்டு, தானே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, இருப்பதிலேயே சின்ன எண்ணை வாய்விட்டுப் படிப்பார். படிக்க முடியவில்லையென்றால், முன்னே வந்து திரையின் அளவையே, அதாவது அதிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்துவைத்து எழுத்தைப் பெரிதாக்குவார். பிறகு, “கடைசி பெஞ்சுக்குத் தெரியுதா?” என்பார். “தெரியுது மேடம்” என்று பின்னாலிருந்து குரல் வரும். “சரி, ஆரம்பிக்கலாம்” என்று பாடம் தொடங்கும்.

இப்போது அந்த அறையில் கூரியர் மூட்டைகள் கிடக்கின்றன. வகுப்பு செல்போனுக்குள் போய்விட்டது. மையத்தின் முதலாளி கிருபாகரன், யூபிஎஸ் வைத்திருந்த சின்ன அறையில் மைக் ஒன்றை மாட்டி, “இனிமே இதான் க்ளாஸ், மேடம்” என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு பாடங்களைப் பதிவு செய்தார் வசந்தகுமாரி. எடிட்டிங் வேலைக்குக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஜெகதீஷ் வந்தான். கெட்டிக்காரன். ஆனால் அவனுக்கு எந்த வீடியோவும் கல்யாண வீடியோதான். மாப்பிள்ளையின் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று விநாடிக்கு அறுபது படம் வைத்துப் பழகிய கை, பாடத்துக்கும் அதையே வைத்தது. மேடம் ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் பழக்க தோஷத்தில் கேட்ட “கடைசி பெஞ்சுக்குத் தெரியுதா?”வை வெட்டியும் எறிந்தது.

முப்பது பேருக்கு முதலில் அனுப்பிப் பார்த்தார்கள். பத்தொன்பது பேர் நாலாம் பாடத்தோடு நின்றுவிட்டார்கள். காரணம் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலைக்குப் போகிற மனிதர்கள். மேடம் மனசு நோகும் என்று நினைத்திருப்பார்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம்,” என்றார் கிருபாகரன். “ஒரு கம்பெனி ரெடிமேடா பாடம் தர்றான். மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். இல்லன்னா அதைப் போட்டுறலாம்.”

வசந்தகுமாரி தலையாட்டினார். தனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாமல் போய்விட்டது என்றே நம்பினார். இருபத்திரண்டு வருடம் அந்த அறையும் அந்தப் பையன்களும்தான் தன்னை வாத்தியாராக்கி வைத்திருந்தார்களோ என்றுகூட நினைத்தார்.

அன்று மாலை திருநின்றவூருக்கு ரயிலேறினார். ஆவடியில் கூட்டம் இறங்கியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கே தப்பு செய்தோம் என்று பார்க்கத் தன் போனில் நாலாம் பாடத்தைத் திறந்தார். அதுவரை ஜெகதீஷின் பெரிய மானிட்டரில், பதிவான அசல் வீடியோவைத்தான் பார்த்திருந்தார். எடிட்டிங் முடிந்து, டேட்டா குறைத்து மாணவர் கைக்குப் போனதை ஒருநாளும் பார்த்ததில்லை. கடைசி பெஞ்சில் அவர் உட்காராமலே நடத்திய முதல் வகுப்பு அதுதான்.

ஃபிளாஞ்ச் என்கிற துளை போட்ட இணைப்பு வளையத்தின் வரைபடத்தை அவர் பெரிதாக்குகிற இடத்தில் திரை முழுதும் கலங்கி, களிமண்ணாகிவிட்டது. துளையின் அளவு 36-ஆ, 38-ஆ என்று வரைந்தவருக்கே தெரியவில்லை. இரண்டு விநாடியில் படம் தெளிந்து வந்தது. அதற்குள் அவருடைய குரல் அடுத்த கோட்டுக்குப் போய்விட்டிருந்தது.

“அடப்பாவி ஜெகதீஷ்!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். எதிரே இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை ஜெகதீஷ் போனைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “பிட்ரேட் பத்தல மேடம். ஏத்திவுட்டா கண்ணாடி மாதிரி வந்துரும்.” பிட்ரேட் என்பது ஒரு விநாடி வீடியோவுக்கு ஒதுக்குகிற டேட்டா. அறுநூறு கிலோபிட்டாக இருந்ததை நாலாயிரமாக ஏற்றினான். கண்ணாடிபோலத்தான் வந்தது. பன்னிரண்டு நிமிடப் பாடம் முன்னூற்று அறுபது எம்பியும் ஆனது. கிருபாகரன் ஒரே வார்த்தையில் முடித்தார்: “அறுபது எம்பிக்கு மேல போகக்கூடாது.” அவரைக் குறை சொல்ல முடியாது, நாள் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்கள்தான் பார்க்கிறார்கள்.

“அப்ப இருக்கிற சோத்தைத்தான் பிரிக்கணும். எத்தனை இலைக்குப் போடுறே நீ?” என்றார் வசந்தகுமாரி.

“விநாடிக்கு அறுவது, மேடம்.”

“என் பாடத்துல ஓடுறது மவுஸ் மட்டும்தானே? அதுக்கு எதுக்கு அறுபது படம்? பதினஞ்சு வை.”

“மவுஸ் தத்தித் தத்திப் போவுமே, இன்னா மேடம்!”

“தத்தட்டும். நான் மெதுவா நகர்த்திக்கிறேன்.”

பதினைந்தாக்கியதும் அதே டேட்டாவில் ஒவ்வொரு படத்துக்கும் சராசரியாக நாலு மடங்கு பங்கு கிடைத்தது. கலங்கல் குறைந்தது, ஆனால் போகவில்லை. படத்தின் அளவையும் குறைப்போம் என்று, 1920-க்கு 1080 புள்ளிகளில் எடுத்த பதிவை ஜெகதீஷ் 1280-க்கு 720-ஆகச் சுருக்கினான். கலங்கல் போயிற்று, ஆனால் சின்ன எண்கள் சுருங்கி எறும்பாகிவிட்டன.

வசந்தகுமாரி அந்த எறும்புகளை உற்றுப் பார்த்தார். பழைய மாடி அறை கண்முன் வந்தது. எழுத்து தெரியாதபோது அங்கே அவர் படத்தையா சுருக்கினார்? திரையின் அளவைத்தானே முதலிலேயே குறைத்துவைத்தார்?

“எடுத்ததைச் சுருக்காதே. கம்ப்யூட்டர் திரையையே 1280-க்கு 720-ன்னு வை. எழுத்து பெருசா நிக்கும். அதே அளவுல பதிவு பண்ணி, அதே அளவுல வெளியே எடு.”

“அப்டீன்னா பன்னெண்டு பாடத்தையும் புச்சா எடுக்கணும் மேடம்!”

“எடுக்கலாம்.”

ஒன்பது நாள் எடுத்தார்கள். சிவப்பில் இருந்த அளவு எண்கள் மட்டும் அப்போதும் கறுப்புப் பின்னணியில் கசிந்தன. வெளிச்சத்தைச் சேமிக்கிற அளவு நுணுக்கமாக வீடியோ நிறத்தைச் சேமிக்காது என்றான் ஜெகதீஷ், எண்களை வெள்ளையாக்கினார்கள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் வசந்தகுமாரி அதைத் தன் போனில் ஏற்றி, சாயங்கால ரயிலில் கையை நீட்டிப் பிடித்து, இருப்பதிலேயே சின்ன எண்ணை வாய்விட்டுப் படித்தார். எதிர் சீட்டுக்காரர்கள் பழகிவிட்டார்கள்.

“அந்தக் கேள்வியை மட்டும் வெட்டாதே,” என்று ஜெகதீஷிடம் சொன்னார்.

“யாரு மேடம் பதில் சொல்லப்போறாங்க?”

“சொல்லாட்டி போறாங்க.”

அதே முப்பது பேருக்கு மறுபடி அனுப்பினார்கள். மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. முதல் நாள் பாடத்தை அனுப்பிய செல்போன் குழுவில் சத்தமே இல்லை. இரண்டாம் நாள் கிருபாகரன் கணக்குப் பார்த்துவிட்டு, “இருபத்தாறு பேர் நாலாம் பாடத்தைத் தாண்டிட்டாங்க மேடம். ரெடிமேட்காரனுக்கு வேணாம்னு சொல்லிட்டேன்” என்றார். நிம்மதியாக இருந்தது. ஆனாலும் எண்ணிக்கைக்கு முகமில்லையே என்று ஒரு குறை உள்ளே கிடந்தது.

அன்று மாலை ஆவடியில் ரயில் நிற்கும்போது போன் சிணுங்கியது. உத்தமன் என்று ஒரு பெயர். அவர் பார்த்தறியாத மாணவன். நாலாம் பாடத்தின் கீழே எழுதியிருந்தான்:

“கடைசி பெஞ்சுக்கு நல்லா தெரியுது மேடம். லோக்கல்ல படிக்கட்டாண்ட நின்னுகினுதான் பாத்துகினு கீறேன். 38.”

வசந்தகுமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு பதில் அடித்தார்.

“சரி, ஆரம்பிக்கலாம்.”