நேரம் சொல்லாத வணக்கம்

கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் எங்கள் அலுவலகத்தில் அக்காவுக்கு 'வணக்கம் அக்கா' என்றுதான் பெயர். காலையில் நுழைந்தாலும் வணக்கம், மாலையில் கிளம்பினாலும் வணக்கம். குட் மார்னிங் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று கிண்டல் செய்திருக்கிறேன். ஒரு முறை முறைப்பார், அவ்வளவுதான்.

அது தொழில் கொடுத்த பழக்கம். கப்பல் மேற்கே போகப் போக அதன் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். கிழக்கே போனால் முன்னால். இன்று எந்தக் கப்பலில் என்ன மணி என்று கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? நாம் குட் மார்னிங் போட்ட நேரத்தில் அந்த கேப்டன் ராத்திரி முழுக்க விழித்திருந்து அப்போதுதான் கண்ணை மூடியிருப்பார். அதனால் கடல்காரர்களுக்கு எழுதும் ஆங்கிலக் கடிதம் எல்லாம் 'குட் டே' என்றுதான் தொடங்கும். அக்கா அதைத் தமிழிலும் வீட்டிலும் சேர்த்துக்கொண்டார். மகளுக்கு அனுப்பும் செய்தியும் வணக்கத்தில்தான் தொடங்கும்.

அந்த மகளின் கதைதான் இது. அவளைக் கட்டிக்கொண்டவன் எங்கள் கம்பெனி மூலம் கப்பல் ஏறும் செகண்ட் ஆபீசர். அமைதியான பேச்சு, மடிப்புக் கலையாத சட்டை. பெண் கொடுத்தபோது நாங்கள் எல்லோரும் அக்காவைக் கொடுத்துவைத்தவர் என்றோம். விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு நாள் அவள் மணிக்கட்டை உடைத்தான். கட்டுப் பிரித்த வாரமே அவள் ஊரைவிட்டு, நாட்டைவிட்டுப் போய்விட்டாள். எங்கே என்று அக்காவுக்கே தெரியாது. தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் அவர்தான். "எனக்குத் தெரிஞ்சா என் முகத்துல தெரியும்" என்றார் என்னிடம். மகள் பழைய எண்ணையே வைத்திருந்தாள். வைஃபை இருந்தால் செய்தி அனுப்பும் செயலி அதே எண்ணில் எந்த நாட்டிலிருந்தும் ஓடும். செய்தியில் சாப்பிட்டாயா, நன்றாக இருக்கிறாயா என்பது மட்டும். வெயில், மழை, காலை, ராத்திரி எதுவும் கிடையாது.

இவ்வளவு நடந்தும் முதலாளி அவனை வேலையைவிட்டு எடுக்கவில்லை. குடும்ப விவகாரம் அலுவலகத்துக்குள் வரக் கூடாது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் அறைக் கதவைச் சாத்திய சத்தம் தெரு வரை கேட்டிருக்கும். வேறென்ன கிழித்தேன்? ஒன்றும் இல்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறது.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து சற்று நேரத்தில் அவன் வந்தான். அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கப்பல்களில் இடம் காலி: ஒன்று மேற்கே ஓடுவது, இன்னொன்று கிழக்கே. முதலாளி அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு வெளியே போயிருந்தார். அவன் நேராக அக்கா மேஜைக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அத்தை, அவ எங்க இருக்கான்னு எனக்குப் பாதி தெரியும்" என்றான், சம்பளம் எப்போது வரும் என்று கேட்கிற அதே குரலில். மேற்கே ஓர் ஊரில் அவளுடைய சித்தி மகள் இருக்கிறாள். கிழக்கே ஒரு துறைமுக ஊரில் பள்ளித் தோழி. இரண்டில் ஒரு வீட்டில்தான் இருப்பாள். எந்த வீடு என்று தெரிந்தால் அந்தப் பக்கம் போகும் கப்பலில் ஏறுவான். துறைமுகத்தில் இறங்கினால் முகவரி கையில்.

தனக்குத் தெரியாது என்று அக்கா சொன்னார். சார் என்றுதான் அவனைக் கூப்பிட்டார், எல்லா ஆபீசரையும் கூப்பிடுவது போல. அவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அது புரிந்த பிறகு அவன் இன்னும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

அக்கா ஒரு கேப்டனுக்குச் செய்தி அடித்துக்கொண்டிருந்த போன் மேஜையில் திறந்தபடி கிடந்தது. அவனுடைய சான்றிதழ்களை நகலெடுக்க அவர் திரும்பிய நேரத்தில் அவன் அதை எடுத்துவிட்டான். நான் எழுந்தேன். ஒரே ஒரு பார்வை பார்த்தான், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். மகளின் பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிப் பார்த்தான். பதில்கள் கண்ட கண்ட நேரத்தில் வந்திருந்தன. தூங்கும் நேரம் எது, விழிக்கும் நேரம் எது என்று கணக்குப் போட முடியவில்லை. பிறகு தானே அடித்தான். அடித்ததை எங்களுக்குப் படித்தும் காட்டினான்.

"காலை வணக்கம்டா கண்ணு. எழுந்துட்டியா?"

எனக்கு அப்போதுதான் அவன் கணக்குப் புரிந்தது. இங்கே பிற்பகல். மேற்கே இருந்தால் அவளுக்குக் காலை, ஆமாம் என்பாள். கிழக்கே இருந்தால் பொழுது சாய்ந்திருக்கும். என்னம்மா, இங்கே இருட்டிவிட்டதே என்று அம்மாவைத் திருத்துவாள். யாராக இருந்தாலும் திருத்துவோம், இல்லையா? கப்பலில் கடிகாரத்தை மாற்றுவது செகண்ட் ஆபீசர் வேலை. அந்த வேலையை அவன் இங்கே உட்கார்ந்து செய்தான்.

அக்கா போனைப் பிடுங்கப் பாய்ந்தார். அவன் கையை உயர்த்திக்கொண்டான். பிறகு மூவரும் காத்திருந்தோம். நகல் இயந்திரம் எடுத்த தாள் அதன் வாயிலேயே தொங்கியது. அக்கா இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தார். பதில் வராமலே போகட்டும் என்று நான் தெரிந்த சாமியை எல்லாம் வேண்டினேன்.

பதில் வந்தது. அவன் சிரித்துக்கொண்டே திரையை அக்கா பக்கம் திருப்பினான்.

"காலை வணக்கம்மா. இப்பத்தான் எழுந்தேன். வேலைக்குக் கிளம்பிட்டு இருக்கேன்."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவன் மேற்கே ஓடும் கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டான். அக்காதான் அந்த ஒப்பந்தத்தில் முத்திரை குத்தினார். கப்பல் நிற்கும் துறைமுகத்துக்கு விமான டிக்கெட் போட்டது நான். என் கையாலேயே போட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

அவன் விமானம் ஏறிப் போய்க் கப்பலில் சேரும்வரை அக்கா மகளுக்கு ஒரு எழுத்தும் அனுப்பவில்லை. மறுபடி வந்து போனைப் பிடுங்கினால் என்ன செய்வது என்ற பயம். தூக்கக் கலக்கத்தில் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டாளோ என்று என்னிடம் கேட்டார். காலை வணக்கம் நீங்கள் சொல்வதே கிடையாதே, அவளுக்குத் தெரியாதா என்றேன். சொன்னேனே தவிர எனக்கும் நம்பிக்கை இல்லை. பெண்ணைப் பெற்றவர் முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்வது? சித்தி மகளுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்று கையில் எடுப்பார், வைத்துவிடுவார். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் முகத்தில் வந்துவிடும்.

அவன் கப்பலில் ஏறிவிட்டான், கப்பலும் துறைமுகத்தைவிட்டு நகர்ந்துவிட்டது என்று அங்குள்ள ஏஜென்ட் எழுதியதை நான் உரக்கப் படித்தேன். அக்கா போனை எடுத்து ஒரே ஒரு சொல் அடித்தார். "வணக்கம்."

இந்த முறை பதில் உடனே வந்தது. அவர் படித்தார், பிறகு படிக்க முடியாமல் என் கையில் கொடுத்தார்.

"வணக்கம்மா. அவர் போயாச்சா?"

அக்கா அழுதார். அலுவலகமே பார்த்தது, அவர் கவலைப்படவில்லை. அவன்தான் அடித்தான் என்று தெரிந்தேதான் அவள் காலை என்று சொல்லியிருக்கிறாள். அப்படியானால் கிழக்கேதானா, அங்கே இப்போது என்ன மணி இருக்கும் என்று நான் விரலை மடக்கத் தொடங்கினேன். அக்கா என் விரல்களைச் சேர்த்துப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம் தம்பி. எனக்குத் தெரியவே வேணாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று மகளுக்கு அடித்தார்.